டீ வடிகட்டியில் சர்க்கரை தங்குமா?

நீண்ட பதிவு. பொறுமை இருப்பவர்கள் படியுங்கள். ஷவர் ஃபில்டர் வாங்கலாம் என்று கூடையில் போட்டு வைத்திருப்பவர்கள் கட்டாயம் படியுங்கள்.

முப்பத்து நான்கு வருடம் பள்ளியில் வேதியியல் நடத்தியவன் நான். கடின நீர், மென்னீர் பாடத்தை எத்தனை பிள்ளைகளுக்கு நடத்தியிருப்பேன் என்று கணக்கே இல்லை. சோப்பு நுரைக்காத தண்ணீர் கடின நீர், கால்சியம் மக்னீசியம் உப்புகளால் வருவது என்று ஒப்பிக்காத பிள்ளை கிடையாது. அந்தப் பிள்ளைகள்தான் இன்று பெரிய வேலையில் உட்கார்ந்துகொண்டு 2,400 ரூபாய்க்கு ஒரு டப்பா வாங்கிக் குளியலறையில் மாட்டுகிறார்கள். பாடம் நடத்தியதில்தான் எங்கோ கோளாறு என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

என் தங்கை மகள் போன டிசம்பரில் பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புக்குக் குடிபோனாள். ஜனவரியில் முடி கொட்ட ஆரம்பித்தது. கொத்துக் கொத்தாக. "மாமா, இந்த ஊர்த் தண்ணிதான். எல்லாரும் அதான் சொல்றாங்க" என்றாள். அந்தக் குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் ஒருவர் லிங்க் போட, வரிசையாகப் பன்னிரண்டு வீட்டில் ஷவர் ஃபில்டர் ஏறிவிட்டது. பதினைந்து அடுக்கு வடிகட்டல், குளோரினை நீக்கும், கடின நீரை மென்மையாக்கும், முடி உதிர்வைத் தடுக்கும் என்று விளம்பரம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய கார்ட்ரிட்ஜ் தனியாக 900 ரூபாய்.

நான் போயிருந்தபோது கழற்றிக் காட்டினாள். உள்ளே பஞ்சு செம்பழுப்பாக இருந்தது. "பாருங்க மாமா, எவ்வளவு அழுக்கை வடிகட்டியிருக்கு!"

அது இரும்புத் துரு, அம்மா. கொஞ்சம் வண்டல். கண்ணுக்குத் தெரிவதைப் பஞ்சு பிடிக்கும், அதில் தவறில்லை. ஆனால் கடினத்தன்மை என்பது தண்ணீரில் மிதக்கும் தூசி அல்ல, கரைந்து போயிருக்கும் உப்பு. டீயை வடிகட்டினால் தூள் நிற்கும், சர்க்கரை நிற்குமா? ரசத்தில் உப்பு கூடிவிட்டால் வடிகட்டியை எடுத்துக்கொண்டு ஓடுவீர்களா?

சரி, வடிகட்ட முடியாது, வேறு வழியே இல்லையா என்றால் இருக்கிறது. ரெசின் என்று சின்னச் சின்ன மணிகள். தண்ணீரில் உள்ள கால்சியத்தைத் தான் பிடித்துக்கொண்டு, தன்னிடம் உள்ள சோடியத்தை விட்டுக்கொடுக்கும். வீட்டு சாஃப்ட்னர் எல்லாம் இப்படித்தான் வேலை செய்கிறது. நம் ஃபில்டர்க்காரர் பட்டியலிலும் ரெசின் என்று ஒரு அடுக்கு இருக்கிறது. பொய் சொல்லவில்லை. எவ்வளவு இருக்கிறது என்பதைத்தான் சொல்லவில்லை.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். குடியிருப்புச் சங்கம் ஆய்வகத்தில் கொடுத்து வாங்கிய அறிக்கையை அவளிடமே கேட்டு வாங்கினேன். மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 620 மில்லிகிராம். குடிநீருக்கான நம் இந்தியத் தர அளவு 200. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. இது அதையும் தாண்டிய தண்ணீர். ஆக, தண்ணீர் மோசம் என்று அவள் சொன்னது உண்மை. இருபது லிட்டர் பக்கெட் ஒன்றில் பன்னிரண்டு கிராமுக்கு மேல் கடினத்தன்மை கரைந்திருக்கிறது. (கணக்கு எல்லாம் கால்சியம் கார்பனேட் அளவில்.) ஒரு லிட்டர் ரெசின் சுமாராக 50 கிராம் பிடிக்கும். அந்த டப்பாவில் நான் அளந்து பார்த்த வரை எல்லா அடுக்கும் சேர்த்தே ஒரு டம்ளர்தான். அதில் தாராளமாக 100 மில்லி ரெசின் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிடிக்கக்கூடியது 5 கிராம். அதாவது எட்டு லிட்டர் தண்ணீர். ஷவரைத் திறந்து ஒரு நிமிடம், தலை முழுசாக நனைவதற்குள் கதை முடிந்தது. மூன்று மாதம் வரும் என்று அட்டையில் போட்டிருக்கிறான்!

சாஃப்ட்னரில் இருபத்தைந்து லிட்டர் ரெசின் இருக்கும். அதுவே இந்தத் தண்ணீருக்கு ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம் லிட்டரில் களைத்துவிடும். அப்புறம் நாலு கிலோ உப்பைக் கரைத்து ஊற்றினால்தான் மறுபடி உயிர் வரும். உப்புப் போடச் சொல்லாமல் மாதக்கணக்கில் கடின நீரை மென்னீராக்குகிறேன் என்று எவன் சொன்னாலும் அவனை நம்பாதீர்கள்.

சில ஃபில்டர்களில் பாஸ்பேட் உருண்டை போட்டிருப்பார்கள். அது கால்சியத்தை எடுக்காது; படிவமாக ஒட்டாமல் பார்த்துக்கொள்ளும். குழாயில் வெள்ளைக் கறை குறையும். அதைப் பார்த்துத் தண்ணீரே மென்மையாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம்.

வீட்டிலேயே சோதிக்கலாம். மூன்று ஒரே மாதிரி பாட்டில். ஒன்றில் மழைத் தண்ணீர் அல்லது ஆர்.ஓ. தண்ணீர், ஒன்றில் ஃபில்டருக்கு முன் குழாய்த் தண்ணீர், ஒன்றில் ஃபில்டர் வழியே ஐந்து நிமிடம் ஓடவிட்டுப் பிடித்த தண்ணீர். ஒவ்வொன்றிலும் அரை பாட்டில். குளியல் சோப்பைச் சீவி ஒரே அளவு போட்டு இருபது தடவை குலுக்குங்கள். (ஷாம்பு வேண்டாம், அது கடின நீரிலும் நுரைத்துவிடும்.) முதல் பாட்டிலில் நுரை நிற்கும். மற்ற இரண்டிலும் பால் திரிந்த மாதிரி வெள்ளைத் திரளை மிதக்கும். அன்று அவள் வீட்டுச் சமையல் மேடையில் வைத்துக் குலுக்கிக் காட்டினேன். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் வித்தியாசம் சொல்லும்மா என்றேன். பாட்டிலை மாற்றி மாற்றிப் பார்த்தாள். பதில் வரவில்லை. விற்க வருபவர் டி.டி.எஸ். மீட்டரை நீட்டினால் அதையும் நம்ப வேண்டாம். அது எல்லா உப்பையும் சேர்த்துச் சொல்லும். கால்சியம் போய் சோடியம் வந்தால் அந்த எண் இறங்காது.

அடுத்தது குளோரின். இங்கேதான் நியாயமாகப் பேச வேண்டும். குளோரினை இந்த ஃபில்டர்கள் உண்மையிலேயே குறைக்கும். கால்சியம் சல்ஃபைட், செம்பு-துத்தநாகத் துகள், கரி, இவை அந்த வேலைக்கு உகந்தவைதாம். அமெரிக்காவில் ஷவர் ஃபில்டருக்கென்றே NSF/ANSI 177 என்று ஒரு தரநிலை உண்டு. அது சோதிப்பதே குளோரின் குறைப்பைத்தான், கடினத்தன்மையை அல்ல. சுத்திகரித்த மாநகராட்சித் தண்ணீர் வரும் வீட்டில், வாடை பிடிக்காதவர்களுக்கோ, எக்ஸிமா உள்ள நுண்ணிய தோலுக்கோ கொஞ்சம் ஆறுதல் கிடைக்கலாம். மறுக்கவில்லை. ஆனால் தங்கை மகள் வீட்டு அறிக்கையில் எஞ்சிய குளோரின் என்ற வரிக்கு நேரே என்ன இருந்தது தெரியுமா? இல்லை. பூஜ்யம். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் நாம் போடாமல் குளோரின் எங்கிருந்து வரும்? இல்லாத திருடனுக்குப் பூட்டு.

"அப்போ கடின நீரால் தோலுக்கும் முடிக்கும் ஒன்றும் ஆகாதா சார்?" என்று கேட்பீர்கள். ஆகும். ஆனால் நீங்கள் நினைக்கிற மாதிரி அல்ல. அந்தத் திரளை தோலிலும் முடியிலும் ஒட்டிக்கொள்ளும். முடி சொரசொரப்பாக, பிசுக்காக இருக்கும், சிக்கு விழும். தோல் வறளும். கடின நீரில் கழுவினால் சோப்புப் பொருள் தோலில் அதிகம் தங்கி எரிச்சல் தருகிறது என்று 2018இல் இங்கிலாந்து ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆனால் அதே இங்கிலாந்தில் அதற்கு முன்பே ஒரு பெரிய சோதனை நடந்தது, முடிவு 2011இல் வந்தது. கடின நீர்ப் பகுதியில் எக்ஸிமா உள்ள 336 குழந்தைகள். பாதிப் பேர் வீட்டில் பன்னிரண்டு வாரம் நிஜமான சாஃப்ட்னர், டம்ளர் டப்பா அல்ல. தோலைப் பார்த்து மதிப்பெண் போட்ட நர்ஸ்களுக்கு எந்த வீட்டில் கருவி இருக்கிறது என்று தெரியாது. அவர்கள் கண்ணுக்கு இரண்டு பிரிவுக்கும் வித்தியாசமே இல்லை. கருவி இருப்பது தெரிந்த பெற்றோர்களோ கொஞ்சம் பரவாயில்லை என்றார்கள். ஐந்து நட்சத்திர ரிவ்யூ எல்லாம் எப்படி வருகிறது என்று இப்போது புரிகிறதா?

முடி விஷயத்தில் 2013இல் நம் கோயம்புத்தூர் மருத்துவர்கள் கடின நீரில் ஊறவைத்த முடியை இழுத்துப் பார்த்து, வலிமையில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை என்றார்கள். பாகிஸ்தானில் நடந்த ஒரு ஆய்வு கொஞ்சம் வலிமை குறைகிறது என்றது. குறைகிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் முடி நடுவில் ஒடியும், வேரோடு விழாது. தண்ணீர் முடியின் மேலே ஓடுகிறது. வேர் தோலுக்குள்ளே இருக்கிறது.

இதைச் சொல்லிவிட்டு அவள் தலையணையில் இருந்த முடியை எடுத்து வெளிச்சத்தில் காட்டினேன். முனையில் குண்டூசித் தலை மாதிரி ஒரு வெள்ளைப் புள்ளி. எடுத்த பத்தில் ஒன்பது அப்படி. அது வேரோடு உதிர்ந்த முடி. நாளைக்கு ஐம்பது, நூறு அப்படி விழுவது எல்லாருக்கும் இயல்பு. இவளுக்கு அதைவிடப் பல மடங்கு. "அக்டோபரில் உனக்கு டெங்கு வந்ததே?" என்றேன். கடும் காய்ச்சலோ பிரசவமோ முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொட்டுவது மருத்துவர்கள் தினம் பார்க்கிற விஷயம். அந்த மூன்றாவது மாதமும் புது வீடும் ஒன்றாக வந்ததால் பழி தண்ணீர் மேல் விழுந்தது.

ஆனால் காய்ச்சலால் கொட்டினால் சில மாதத்தில் தானாக நிற்க வேண்டும். நான் போனது ஆகஸ்டில். இன்னும் நிற்கவில்லை. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று வேறு சொன்னாள். மறுநாளே தோல் மருத்துவரிடம் அழைத்துப் போனோம். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.6. பெண்களுக்குப் பன்னிரண்டாவது இருக்க வேண்டும். மாதவிலக்கில் ரத்தப்போக்கு அதிகம் என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஏழு மாதம். இரண்டு கார்ட்ரிட்ஜ் மாற்றிவிட்டு, மூன்றாவது மாற்றினால் சரியாகும் என்று காத்துக்கொண்டிருந்திருக்கிறாள். என் கோபம் 2,400 ரூபாய்க்காக அல்ல.

மாத்திரை நடக்கிறது, பெண் மருத்துவரையும் பார்த்தாயிற்று. தண்ணீருக்கு என்ன செய்தோம் என்று கேட்பவர்களுக்கு: உடம்புக்குக் கட்டிச் சோப்பை நிறுத்திவிட்டு சோப்பு சேராத மென்மையான பாடி வாஷ், கொஞ்சமாக. அந்தத் தண்ணீர் ஒரு பக்கெட்டை முழுதாக முறிக்க எழுபது கிராம் சோப்பு வேண்டும், பாதிக் கட்டிக்கு மேல் திரளையாகத்தான் போகும். குளித்த ஈரத்தோடு தேங்காய் எண்ணெயோ மாய்ஸ்சரைசரோ. தலைக்கு ஷாம்பு அல்லது சீயக்காய். சீயக்காய் கடின நீரிலும் திரளாது, நம் பாட்டிகள் கிணற்றடியில் அதோடு காலம் தள்ளியது சும்மா இல்லை. கடைசியில் இரண்டு சொம்பு ஆர்.ஓ. தண்ணீரில் அலசல். மழைக்காலத்தில் மொட்டை மாடித் தண்ணீர். குடியிருப்பு முழுமைக்கும் சாஃப்ட்னர் போடச் சங்கத்தில் பேச்சு நடக்கிறது. குழாய்க்கும் கீசருக்கும் நிச்சயம் நல்லது. அதற்குமேல் நான் உத்தரவாதம் தரமாட்டேன்.

நேற்று போன் செய்தாள். அந்த டப்பாவைக் கழற்றிவிட்டாளாம், ஷவரில் தண்ணீர் வேகமாக வருகிறதாம். மாட்டச் சொன்ன அந்த வாட்ஸப் அன்பர் பழைய கார்ட்ரிட்ஜுக்குத் தள்ளுபடி உண்டு என்று இப்போது புது லிங்க் போட்டிருக்கிறாராம். இந்தப் பதிவை அங்கே ஒட்டச் சொல்லியிருக்கிறேன்.