ஆயிரம் செங்கல்லின் அடக்க விலை: எந்த எண்ணிக்கையால் வகுப்பது?

நாட்டுச் செங்கல் சூளையில் எல்லாக் கணக்கும் ஆயிரத்தில்தான் நடக்கிறது. அறுப்புக் கூலி, அடுக்கும் கூலி, விற்பனை விலை எல்லாமே ஆயிரத்துக்கு இவ்வளவு என்றே பேசப்படுகின்றன. ஆனால் இந்த ஆயிரங்கள் ஒன்றல்ல. களத்தில் அறுத்த ஆயிரம் பச்சைக்கல், சூளையைப் பிரிக்கும்போது ஆயிரம் நல்ல கல்லாக வெளிவருவதில்லை. மொத்தச் செலவை அறுத்த கல்லின் எண்ணிக்கையால் வகுக்கும் வழக்கம் கைவிடப்பட வேண்டும், விற்கத் தகுந்த முதல் தரக் கல்லின் எண்ணிக்கையாலேயே வகுக்க வேண்டும் என்பது உற்பத்தியாளர் சங்கத்தின் நிலைப்பாடு.

விறகால் எரிக்கும் ஒரு சிறு சூளையை எடுத்துக்கொள்ளலாம். இங்குள்ள விலைகள் கணக்கை விளக்குவதற்காக வைத்துக்கொண்டவை. ஊருக்கு ஊர் மாறும். களத்தில் அறுத்தது 42,000 கல். மழையிலும் கையாளும்போதும் 2,000 போய், சூளையில் அடுக்கியது 40,000. கரைந்த கல்லின் மண் மீண்டும் குழைக்கப்படுவதால் மண் செலவு 40,000 கல்லுக்கு மட்டுமே. ஆயிரம் கல்லுக்கு ஏறத்தாழ ஒரு யூனிட், அதாவது 100 கன அடி மண் என்றால், யூனிட் ரூ.1,500 வீதம் ரூ.60,000. அறுப்புக் கூலி ஆயிரத்துக்கு ரூ.1,000 வீதம் ரூ.42,000. சுமந்து அடுக்க ரூ.20,000. விறகு 20 டன், டன் ரூ.4,000 வீதம் ரூ.80,000. எரிப்பவர்களின் கூலி ரூ.10,000. பிரித்துத் தரம் பார்க்க ரூ.12,000. நிலக் குத்தகை, தண்ணீர், வட்டி முதலியவற்றில் இந்தச் சூளையின் பங்கு ரூ.28,000. ஆக மொத்தம் ரூ.2,52,000.

இதை அறுத்த 42,000-ஆல் வகுத்தால் ஆயிரம் ரூ.6,000 என்று வரும். சூளையைப் பிரித்தபோது கிடைத்ததோ 35,000 நல்ல கல், 3,000 அரைவேக்காட்டுக் கல், உடைந்ததும் உருகி ஒட்டியதுமாக 2,000. அரைவேக்காட்டுக் கல் தலா ரூ.3-க்குப் போனால் ரூ.9,000, உடைசல் ஜல்லியாகப் போனால் ரூ.3,000. இந்த வரவைக் கழித்த மீதி ரூ.2,40,000-ஐ 35,000 நல்ல கல்தான் சுமக்க வேண்டும். ஆயிரத்தின் அடக்கம் ரூ.6,857. ஆயிரம் ரூ.6,500-க்கு விற்பவர் தமக்கு ரூ.500 லாபம் என்று நினைப்பார். உண்மையில் அந்தச் சூளையில் அவருக்கு ரூ.12,500 நஷ்டம்.

சேதம் எந்தக் கட்டத்தில் நேர்கிறது என்பதும் முக்கியம். களத்தில் கரைந்த பச்சைக்கல்லோடு போவது பெரும்பாலும் அறுப்புக் கூலி, கல்லுக்கு ஒரு ரூபாய். சூளையில் கெட்ட கல்லோடு மண், விறகு, சுமைகூலி எல்லாம் சேர்ந்தே போகின்றன. ஆகவே விறகில் மிச்சம் பிடிப்பதைத் தனியாகப் பார்க்கக் கூடாது. இரண்டு டன் விறகைக் குறைத்தால் ரூ.8,000 மிஞ்சும். அதனால் நல்ல கல்லாக ரூ.6.50-க்குப் போக வேண்டியது அரைவேக்காடாகி ரூ.3-க்குப் போனால் கல்லுக்கு ரூ.3.50 இழப்பு, ஏறக்குறைய 2,300 கல் அப்படி ஆனாலே மிச்சம் முழுதும் கரைந்துவிடும்.

தரம் பிரிப்பது கண் மதிப்பில் முடிகிற வேலையன்று. நன்கு வெந்த கல் இரண்டைத் தட்டினால் கணீரென்று ஒலிக்கும், நகத்தால் கீறினால் கோடு விழாது. ஐயமிருந்தால் உலர்ந்த கல்லை எடைபோட்டு, 24 மணி நேரம் நீரில் ஊறவைத்து மீண்டும் எடைபோடலாம். சாதாரணக் கட்டடக் கல் தன் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் நீர் குடிக்கக் கூடாது என்கிறது இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1077. சூளையின் வெளி அடுக்குகளில் சூடு குறைவு என்பதால் அங்கே அரைவேக்காடு எப்போதும் இருக்கும். சிறிய சூளையில் வெளி அடுக்கின் பங்கு அதிகம். எனவே ஒரு லட்சம் கல் சூளையின் சேத விகிதத்தை 40,000 கல் சூளைக்கு எடுத்தாளக் கூடாது. ஒவ்வொரு சூளையையும் பிரிக்கும்போதே மூன்று தரத்தையும் தனித்தனியே எண்ணி எழுத வேண்டும்.

கூலிக் கணக்கிலும் இரண்டு தெளிவுகள் தேவை. தொழிலாளிக்குக் கொடுத்த முன்பணம் செலவு அன்று. அவர் அறுத்த கல்லுக்குரிய கூலியே செலவு, முன்பணத்துக்கு முதலாளி கட்டும் வட்டி வேண்டுமானால் பொதுச் செலவில் சேரும். மழையில் கரைந்த கல்லுக்கும் வேகாத கல்லுக்கும் அறுத்தவரின் கூலியைப் பிடிப்பதைச் சங்கம் ஏற்கவில்லை. அறுத்துக் களத்தில் எண்ணியவுடன் அவர் வேலை முடிந்துவிட்டது; அதற்குப் பின் வரும் சேதம் சூளைக்காரரின் அடக்க விலையில் சேர வேண்டியது.

சேதத்தை அடக்க விலையில் சேர்ப்பது வழக்கமான சேதத்துக்கு மட்டுமே பொருந்தும். புயல் மழையில் களமே மூழ்கினாலோ எரியும் சூளை சரிந்தாலோ அந்த இழப்பை ஆயிரத்தின் விலையில் ஏற்றக் கூடாது. அடுத்த சூளைக்கு விலை சொல்லும்போது அது பொய்யான அடக்கத்தைக் காட்டும். அத்தகைய இழப்பைத் தனிக் கணக்கில் நஷ்டமாக எழுதி, முந்தைய சில சூளைகளின் சராசரிச் சேதத்தை மட்டும் அடக்க விலைக்கு எடுத்துக்கொள்வதே சரியான முறை.