சொல்லின் சுற்றத்தைக் கேளுங்கள்

சொல்வதெழுதுதலில் மதிப்பெண் போகும் இடங்கள் எவை என்று எந்த மாணவரைக் கேட்டாலும் விடை ஒன்றுதான்: லகரம், ளகரம், ழகரம், ரகரம், றகரம். சொல்பவர் ‘நிகழ்ச்சி’ என்கிறார்; எழுதுபவர் ‘நிகள்ச்சி’ என எழுதுகிறார். சிவப்பு மை பாய்கிறது. அரை மதிப்பெண் பறிபோகிறது. திருத்தும் ஆசிரியரோ, “இந்தச் சொல்லைப் பத்து முறை எழுதிக்கொண்டு வா” என்கிறார். பத்து முறை எழுதிய மாணவருக்கு அந்த ஒரு சொல் தெரிந்துவிடுகிறது. மறுநாள் ‘இகழ்ச்சி’ வந்தால் மீண்டும் அதே தவறு. இந்த முறை போதாது என்பதே என் கருத்து.

ஒலிப்பைத் திருத்தினால் எழுத்து தானே திருந்தும் என்பார் உண்டு. ஓரளவு உண்மைதான். ‘வாளப்பளம்’ என்று பேசுவோரும் ‘வாயப்பயம்’ என்று பேசுவோரும் ழகரத்தைப் பழகிக்கொண்டால் பல பிழைகள் குறையும். ஆனால் ரகரத்தையும் றகரத்தையும் இன்று நம்மில் பெரும்பாலோர் ஒரே ஒலியாகவே ஒலிக்கிறோம். சொல்பவரும் அப்படித்தான் சொல்கிறார். அவர் வாயில் இல்லாத வேறுபாடு நம் காதில் எப்படி விழும்? ‘முயற்சி’யா, ‘முயற்ச்சி’யா என்பதை எந்தக் காதும் கேட்டுச் சொல்லாது. ஆகவே, காது கைவிடும் இடத்தில் கைகொடுக்க வேறொரு துணை வேண்டும். அந்தத் துணை அந்தச் சொல்லின் சுற்றத்தாரே!

ஒரு வினைச்சொல்லின் இறுதி எழுத்தில் ஐயம் வந்தால் அதன் இறந்தகாலத்தைச் சொல்லிப் பாருங்கள். முயல், முயன்றான், பயில், பயின்றான், சுழல், சுழன்றது. லகரம் ‘ன்ற’ ஆகிறது. இனி ஆள், ஆண்டான், மீள், மீண்டான், திரள், திரண்டது. ளகரம் ‘ண்ட’ ஆகிறது. வாழ், வாழ்ந்தான், தாழ், தாழ்ந்தான், நிகழ், நிகழ்ந்தது. ழகரம் மாறாமல் நின்று, தன்பின் ‘ந்த’ என்பதைச் சேர்த்துக்கொள்கிறது. ‘ன்ற’, ‘ண்ட’, ‘ந்த’ என்ற இம்மூன்றையும் எந்த ஊர்ப் பேச்சுக்காரரும் எழுதும்போது குழப்பிக்கொள்வதில்லை. நாடு ‘ஆண்டான்’ என்றால் அது ‘ஆள்’; சிந்தனையில் ‘ஆழ்ந்தான்’ என்றால் அது ‘ஆழ்’. ‘கொன்றான்’ என்றால் ‘கொல்’. ‘கொண்டான்’ என்றால் ‘கொள்’.

இறந்தகாலத்தோடு இந்த உறவு முடிந்துவிடவில்லை. தானே நிகழும் வினையைப் பிறர் செய்விக்கும் வினையாக மாற்றினாலும் அதே மூன்று வழிகளைக் காணலாம். சுழல் ‘சுழற்று’ ஆகிறது. உருள் ‘உருட்டு’ ஆகிறது. தாழ் ‘தாழ்த்து’ ஆகிறது. பெயர்ச்சொற்கள் புணரும்போதும் அப்படியே. கடல் ‘கடற்கரை’யில் றகரமாகிறது; பொருள் ‘பொருட்காட்சி’யில் டகரமாகிறது; தமிழ் ‘தமிழ்க்கடல்’ என்பதில் ழகரமாகவே நிற்கிறது. வல்லினம் வந்தால் லகரம் றகரமாகவும் ளகரம் டகரமாகவும் திரியும் என்று பவணந்தி முனிவர் நன்னூலில் வகுத்த புணர்ச்சி விதி இதுதான். காரணம் நாவிலேயே இருக்கிறது. ல, ன, ற மூன்றும் நுனிநா மேற்பல் ஈற்றை அடுத்துப் பொருந்தப் பிறப்பவை. ள, ண, ட மூன்றும் நா மேல்நோக்கி வளையப் பிறப்பவை. அதனால் லகரம் தன் வீட்டுக்குள்ளும் ளகரம் தன் வீட்டுக்குள்ளும் மாறிக்கொள்கின்றன.

இந்த ஓர் உறவைப் பிடித்துக்கொண்டால், தேர்வுத் தாள்களில் மலிந்து கிடக்கும் மற்றொரு பிழையும் தீரும். ‘முயற்ச்சி’, ‘பயிற்ச்சி’ என்று எழுதுவோர் எத்தனை பேர்! ஒற்று எங்கே மிகும், எங்கே மிகாது? ய், ர், ழ் ஆகிய மூன்று மெய்களுக்குப் பின்னரே மற்றொரு மெய் இரட்டித்து வரும்: ஆராய்ச்சி, வளர்ச்சி, மகிழ்ச்சி. ற், ட் என்னும் வல்லின மெய்களுக்குப் பின் அப்படி வராது: முயற்சி, காட்சி. எனவே, முயன்றான் என்பதால் மூலம் முயல், லகரம் றகரமாயிற்று, றகரத்தின் பின் இரட்டிப்பில்லை, ஆகவே முயற்சி. ஆண்டான் என்பதால் ஆள், ளகரம் டகரமாயிற்று, ஆகவே ஆட்சி. மகிழ்ந்தான் என்பதால் மகிழ், ழகரத்தின் பின் இரட்டிக்கும், ஆகவே மகிழ்ச்சி.

ரகர, றகர ஐயத்துக்கும் இவ்வழி உதவும். நமக்கு நெருக்கமான சொற்களையே எடுத்துக்கொள்வோம். ‘தேர்வில் தேறினான்’ என்பதில் முன்னது ரகரம், பின்னது றகரம். ஏன்? ‘தேர்’ என்பது தேர்ந்தான், தேர்ச்சி என வளரும். ‘தேறு’ என்பது தேறினான், தேற்றினான் என வளரும். ரகர மெய் ஒருபோதும் தன்னோடு தான் இரட்டிக்காது, றகரம் இரட்டிக்கும். சுற்றத்தில் எங்கேனும் ‘ற்ற’ தென்பட்டால் அது றகரம்: மாறு, மாற்று; சோறு, சோற்றில்; கிணறு, கிணற்றில். ‘தெரு’ என்பதோ ‘தெருவில்’ என்றே வரும்.

இனி ஒரு சோதனை. சொல்வதெழுதுதலில் இப்படி ஒரு தொடர் வருவதாகக் கொள்வோம்: “ஏழை உழவன் ஒருவன் விடாமுயற்சியால் கடனிலிருந்து மீள வழி கண்டான், அவன் வாழ்வில் வளர்ச்சி தொடர்ந்தது, மகிழ்ச்சி பெருகியது.” இதில் கைதவறக்கூடிய சொற்கள் எட்டு. உழுதான் என்பதால் உழவன். ழகரச் சொற்களில் சில ‘ந்த’ இன்றித் தகரம் மட்டும் பெறும். முயன்றான் என்பதால் முயற்சி. மீண்டான் என்பதால் மீள. வாழ்ந்தான் என்பதால் வாழ்வு. மகிழ்ந்தான் என்பதால் மகிழ்ச்சி. ஐந்து சொற்கள் ஐயமறத் தெளிந்தன. ‘வளர்ச்சி’யில் பாதிதான் தெளியும். வளர்ந்தான் என்பது ரகரத்தைக் காட்டுமே தவிர, நடுவில் நிற்கும் ளகரத்துக்குச் சான்று சொல்லாது. ‘ஏழை’, ‘வழி’ இரண்டுக்கும் இந்த முறை உதவாது.

ஆம், இதற்கு எல்லை உண்டு. சொல்லின் நடுவே அசையாமல் நிற்கும் எழுத்தை இது காட்டாது. மலை, மழை, புலி, புளி, வலி, வளி, வழி, இரை, இறை போன்றவற்றைப் பொருளோடு சேர்த்து மனத்தில் இருத்துவதைத் தவிர வேறு வழியில்லை. பத்து முறை எழுதும் உழைப்பை இத்தகைய சொற்களுக்கு வைத்துக்கொள்ளலாம். விதியால் விளங்குவதை மனப்பாடத்தில் ஏற்றி, மனப்பாடத்துக்கு உரியதைக் கைவிடுவதால்தான் இரண்டிலும் மதிப்பெண் இழக்கிறோம்.

ஆகவே விரிவுரையாளப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். எங்கள் ஏட்டில் ‘நிகள்ச்சி’யைச் சுழிக்கும்போது, சரியான வடிவத்தை அருகில் எழுதித் தர வேண்டாம். ‘இறந்தகாலம் என்ன?’ என்று மட்டும் ஓரத்தில் குறித்துத் திருப்பித் தாருங்கள். ‘நிகழ்ந்தது’ என்று எழுதும் மாணவர் தம் பிழையைத் தாமே கண்டுகொள்வார். அடுத்து ‘இகழ்ச்சி’ வரும்போது, அவர் எவர் வாயையும் பார்த்துக் காத்திருக்க மாட்டார்.