எழுத இயலாத நற்சான்று



ஜவுளிக்கடை நடத்திவரும் குடும்பத் தலைவர் ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியுள்ளார். அவரது கடையில் 1.2.2021 அன்று வேலைக்குச் சேர்ந்த ஒருவர், முதல் இரண்டு ஆண்டுகள் விற்பனையாளராகவும், பின்னர் கல்லாவில் காசாளராகவும் இருந்தார். கடைசி ஆறு மாதங்களில் மூன்று முறை இரவுக் கணக்கு முடிக்கையில் பணம் குறைந்தது. முதலில் 800 ரூபாய், பின்னர் 1,200, இறுதியில் 500. உரிமையாளர் விசாரணை ஏதும் நடத்தவில்லை. வியாபாரம் மந்தம் என்று கூறி 31.3.2025 அன்று அவரை நிறுத்திவிட்டார். இப்பொழுது அம்மனிதர் ஒரு பெரிய மருந்துக்கடையில் காசாளர் வேலைக்கு மனுச் செய்துள்ளார். "அண்ணாச்சி, நாணயமானவன் என்று இரண்டு வரி எழுதித் தாருங்கள்; பிள்ளைகள் இருவரும் படிக்கிறார்கள்" என்று வாசலில் வந்து நிற்கிறார். எழுதினால் பொய், எழுத மறுத்தால் ஒரு குடும்பத்தின் பிழைப்பில் மண். என் செய்வது என்பது கேள்வி.

இக்கேள்விக்கு விடை காணுமுன், ஒரே பெயரால் வழங்கும் இரண்டு தாள்களை வேறு வேறாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒன்று பணிச் சான்று. இன்னார், இன்ன வேலையை, இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை பார்த்தார் என்பதோடு அது முடிந்துவிடும். மற்றொன்று நற்சான்று. அவர் நாணயமானவர், திறமையானவர், நம்பத்தக்கவர் என்று எழுதுபவர் தம் பெயரை ஈடுவைத்துச் சொல்லும் சொல் அது. முதலாவது உழைத்தவனுக்குரிய நியாயம். 1946-ஆம் ஆண்டின் தொழில் நிலையாணைச் சட்டத்தை ஒட்டி வகுக்கப்பட்ட மாதிரி நிலையாணைகள், நிரந்தரத் தொழிலாளி வேலையினின்று நீக்கப்பட்டாலும்கூட அவருக்குப் பணிச் சான்று பெறும் உரிமை உண்டு என்றே விதித்திருந்தன. சிறு கடைகளுக்கு அவ்விதிகள் பொருந்தவில்லை எனினும், அவற்றின் நியாயம் எல்லோருக்கும் பொருந்தும். இரண்டாவது தாளோ எவருக்கும் கடன் அன்று. மனமறிந்து தரக்கூடியவர் மட்டுமே தருவது.

நம்மவரிடையே இவ்விரண்டும் பெரும்பாலும் தலைகீழாக நடைபெறுகின்றன. கோபம் கொண்ட முதலாளி, கொடுத்தேயாக வேண்டிய பணிச் சான்றை இழுத்தடிக்கிறார். சிலர் வேலைக்குச் சேரும்போது வாங்கி வைத்த பள்ளிச் சான்றிதழ்களைக்கூடத் திருப்பித் தருவதில்லை. இரக்கம் கொண்ட முதலாளியோ, கொடுக்கக் கூடாத நற்சான்றைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதித் தருகிறார். முன்னது அநீதி, பின்னது பொய்ச்சான்று. அந்த இரக்கத்திற்கு விலை கொடுப்பவர் அதை எழுதியவர் அல்லர், அதை நம்பிக் கல்லாச் சாவியை ஒப்படைக்கும் மூன்றாம் மனிதர். அயலான் தட்டிலிருந்து எடுத்து நாம் தருமம் செய்யலாகாது.

இனி, நம் வாசகர் தம்மைத்தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: தாம் அறிந்தது எது, ஐயுறுவது எது? பணம் மூன்று முறை குறைந்தது என்பது அவர் அறிந்தது. ஊழியர் எடுத்தார் என்பது அவர் ஐயுறுவது. கல்லாவின் மறு சாவி தம் மைத்துனரிடம் இருந்ததாக அவரே கடிதத்தில் குறிப்பிடுகிறார். இரவில் இருவர் சேர்ந்து எண்ணிக் கையொப்பமிடும் பழக்கம் அக்கடையில் இல்லை. அப்படியானால் மீதிச் சில்லறையைத் தவறாகக் கொடுத்திருக்கலாம்; ரசீது ஒன்று விடுபட்டிருக்கலாம்; வேறு கை நீண்டிருக்கலாம். ஆகவே "இவர் நாணயமானவர்" என்று எழுத அவருக்கு மனச்சாட்சி இடம் தராதது போலவே, "இவர் நாணயமற்றவர்" என்று சொல்லவும் அவருக்கு உரிமையில்லை. 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், பொய்ச்சான்றைத் தடுக்கும் எட்டாம் கட்டளையை விளக்குமிடத்தில், போதிய ஆதாரமின்றி அயலானைக் குற்றவாளியாக எண்ணுவதையும், தகுந்த காரணமின்றி அவனது உண்மையான குற்றத்தைப் பிறரிடம் வெளியிடுவதையும்கூட அவனது நற்பெயருக்கு எதிரான குற்றங்களாகவே கூறுகிறது. இவ்விரு வேலிகளுக்கும் நடுவே செல்லும் ஒற்றையடிப் பாதைதான் மறுத்தல்: புகழவும் மாட்டேன், பழிக்கவும் மாட்டேன்.

மறுப்பதை நேரில், தனியே, தாமதமின்றிச் செய்ய வேண்டும். "நாளை வா" என்று ஒரு மாதம் அலையவிட்டால், அதற்குள் அவர் நம் பெயரை மனுவில் எழுதிக் கொடுத்துவிடுவார். பின்னர் மறுப்பது அவரைப் பள்ளத்தில் தள்ளுவதாகும். நம் வாசகர் இப்படிச் சொல்லலாம்: "தம்பி, நீ இங்கே வேலை பார்த்ததற்குச் சான்று இன்றே தருகிறேன். ஆனால் கல்லா வேலைக்கு நாணயம் பற்றி நான் எழுத முடியாது. உன் காலத்தில் மூன்று முறை பணம் குறைந்தது. நீ எடுத்தாய் என்று நான் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லப் போவதுமில்லை. அன்றே உன்னிடம் கேட்டிருக்க வேண்டும். ஆனால் அறியாததை அறிந்ததாக எழுத என்னால் இயலாது. என் பெயரைக் குறிப்பிடாமல் வேறொருவரைக் கேள்." இதைக் கேட்பது அம்மனிதருக்குக் கசக்கும். ஆயினும், வியாபாரம் மந்தம் என்று மட்டும் கேட்டுச் சென்றவர், தம்மீது நிழலாகப் படிந்திருக்கும் ஐயத்தை முதல் முறையாக அறிந்து, அதற்கு விடை சொல்லும் வாய்ப்பையும் பெறுகிறார். அவர் சொல்லும் விடையைப் பொறுமையாகக் கேட்க வேண்டியது உரிமையாளரின் கடமை.

அடுத்து, பணிச் சான்றை எழுதும் முறை. கடையின் பெயர் அச்சிட்ட தாளில், தேதியிட்டு, இவ்வளவே போதும்: "திரு. இன்னார் எமது கடையில் 1.2.2021 முதல் 31.1.2023 வரை விற்பனையாளராகவும், 1.2.2023 முதல் 31.3.2025 வரை காசாளராகவும் பணியாற்றினார். அவர் கேட்டுக்கொண்டபடி இச்சான்று வழங்கப்படுகிறது." கீழே கையொப்பமும் முத்திரையும். "தம் விருப்பத்தின்பேரில் விலகினார்" என்ற வழக்கமான வரியை இதில் சேர்க்கலாகாது. அவரை நிறுத்தியது உரிமையாளரே. "இயன்றவரை உழைத்தார்", "மேல் விவரம் வேண்டுவோர் நேரில் கேட்கலாம்" போன்ற இரட்டை நாக்குச் சொற்களும் வேண்டா. படிப்பவர் அவற்றின் உட்பொருளை உடனே புரிந்துகொள்வார். சுமப்பவரோ அறியாமல் தமக்கெதிரான சாட்சியைத் தாமே சட்டைப்பையில் கொண்டு செல்வார்.

இங்கே ஒரு தடை எழும். மற்ற ஊழியர்க்கெல்லாம் ஒரு பக்கம் புகழ்ந்து எழுதிவிட்டு, இவருக்கு மட்டும் இரண்டு வரி கொடுத்தால், அந்த வெறுமையே குற்றச்சாட்டாகிவிடாதா? ஆகிவிடும். அதனால்தான் பணிச் சான்று விலகுகின்ற அனைவருக்கும் ஒரே வாசகத்தில் இருத்தல் வேண்டும். பாராட்ட விரும்பினால் அதை வேறொரு கடிதமாக எழுதித் தரலாம். தொலைபேசியிலும் இதே ஒழுங்கு வேண்டும். மருந்துக்கடைக்காரர் அழைத்து, "ஆள் எப்படி?" என்று கேட்டால், "பணிபுரிந்த காலத்தையும் வேலையையும் மட்டுமே கூறுவது எங்கள் வழக்கம், யாரைப் பற்றிக் கேட்டாலும் இதுவே பதில்" என்று இயல்பான குரலில் சொல்ல வேண்டும். ஒரு பெருமூச்சோ, "நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்ற இழுவையோ போதும், எழுதாமல் காத்த பெயரைக் கெடுப்பதற்கு.

எதையுமே எழுத இயலாதா என்றால், இயலும். விற்பனையாளராக இருந்த இரண்டு ஆண்டுகளில், வாடிக்கையாளரிடம் சலிக்காமல் துணி எடுத்துக் காட்டுவதில் அவருக்கு நிகரில்லை என்று நம் வாசகரே குறிப்பிட்டிருக்கிறார். வேறொரு துணிக்கடையில் விற்பனை வேலைக்கு அவர் மனுச் செய்வாரானால், தாம் கண்ட அந்தத் திறமையை மனநிறைவோடு எழுதலாம். ஆனால் அக்கடிதம் "சம்பந்தப்பட்டவர்களுக்கு" என்று பொதுவாக இராமல், இன்ன கடைக்கு, இன்ன வேலைக்கு என்று முகவரியிட்டிருக்க வேண்டும். அதே புகழ்ச்சியைக் காசாளர் வேலைக்கு எழுதுவது தகாது. ஒவ்வொரு சொல்லும் மெய்யாக இருந்தும், கேட்கப்பட்ட ஒன்றை மறைத்து மற்றவற்றைப் புகழ்வது படிப்பவரை ஏமாற்றுவதேயாகும்.

இந்த மௌனத்திற்கும் ஓர் எல்லையுண்டு. பணத்தை எடுத்ததை ஊழியர் தாமே ஒப்புக்கொண்டிருந்து, கல்லாவை ஒப்படைக்கப் போகும் புதிய முதலாளி நேரே கேட்பாராகில், நடந்ததை நடந்த அளவே, கேட்டவரிடம் மட்டும் சொல்வது பழிதூற்றல் ஆகாது. பிறர் நலத்தைக் காக்க நல்லெண்ணத்துடன் கூறுவது அவதூறாகாது என்ற விதிவிலக்கு 1860-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்தில் இருந்தது; 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் அது தொடர்கிறது. சிறுவர் சிறுமியரிடம் தகாத முறையில் நடந்தவர் விஷயத்திலோ, வெறும் பணிச் சான்றைக் கொடுத்து அமைதியாக அனுப்பிவிடுவதே குற்றமாகும். அத்தகைய பாலியல் குற்றம் நடந்ததை அறிந்தவர் காவல் துறைக்குத் தெரிவித்தே தீர வேண்டும் என்பது 2012-ஆம் ஆண்டுச் சட்டம். அங்கே காக்கப்பட வேண்டியது குழந்தை.

முதலாளி மறுத்தபின் சிலர் பங்குக் குருவிடம் வருவதும் உண்டு. குடும்பம் பங்கைச் சேர்ந்தது என்றும், இத்தனை ஆண்டுகளாக நமக்கு அறிமுகமானது என்றும் நாம் எழுதித் தரலாம். அவர் கல்லாவில் அமர்ந்திருந்ததை நாம் பார்த்ததில்லை. ஆகவே அதைப் பற்றி எழுத நம்மிடமும் ஒரு சொல் கிடையாது.

நம் வாசகர்க்கு ஒரு வேலை மீதியிருக்கிறது. இன்றிரவு முதல் கல்லாவை இருவர் எண்ணி, தொகையைக் குறித்து, இருவரும் கையொப்பமிடட்டும். மறு சாவி ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும். இன்று கல்லாவில் அமர்ந்திருப்பவர் நாளை விலகிச் செல்கையில் "நாணயமானவர்" என்ற ஒரு சொல்லைக் கேட்டு வருவார். அன்று அச்சொல்லைத் தயங்காமல் எழுதிக் கொடுக்க அந்தக் கணக்குப் புத்தகமே ஆதாரமாகும்.