சீட்டுக்கட்டின் மேல் ஒரு வீண்பழி

"பிள்ளை கையில் சீட்டைக் கொடுக்காதே, சூதாட்டப் புத்தி வந்துவிடும்" என்று இன்றும் பல வீடுகளில் சொல்கிறார்கள். இது தவறு. பாரதத்தில் தருமன் நாட்டைத் தோற்றது பகடையில். அதற்காகத் தாயக்கட்டையை யாரும் வீட்டைவிட்டு விரட்டவில்லை. வைகுண்ட ஏகாதசி இரவில் பரமபதம் ஆடித்தான் கண்விழிக்கிறோம். சூது பணயத்தில் இருக்கிறது, அட்டையில் இல்லை.

இந்தப் பழியால் குழந்தை இழப்பது பெரிது. நூறு வரை தடையில்லாமல் ஒப்பிக்கும் நான்கு வயதுப் பிள்ளையிடம், "ஆறு பெரிசா, எட்டு பெரிசா?" என்று கேட்டுப் பாருங்கள். பல பிள்ளைகள் விழிக்கும். எண்களின் பெயர் வரிசை மனப்பாடம்; எது எவ்வளவு என்பது தெரியாது.

அதைத்தான் 'பெரிய சீட்டு' ஆட்டம் பழக்குகிறது. கட்டிலிருந்து ஜாக்கி, ராணி, ராஜாவை எடுத்துவிட்டால் 40 சீட்டு மிஞ்சும். ஏஸ் என்பது ஒன்று. சிறு பிள்ளைக்கு ஐந்து வரையுள்ள 20 சீட்டே போதும். சமமாகப் பிரித்துக் கவிழ்த்து வைத்து, இருவரும் ஒரே நேரத்தில் மேல் சீட்டைத் திருப்ப வேண்டும். பெரிய எண் இரண்டையும் அள்ளும். சமமாக வந்தால் இன்னொரு சீட்டு போட்டுத் தீர்க்கலாம். யார் எடுப்பது என்பதைக் குழந்தைதான் சொல்ல வேண்டும். பெரியவர் முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் ஆட்டத்தில் பாடமே இல்லை.

பத்து வரை ஆடும்போது உங்களுக்கு ஒன்பது, குழந்தைக்கு எட்டு வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது தன் சீட்டில் விரல் வைத்து எண்ணி, "எனக்குப் பத்து" என்கிறது. கணக்குத் தெரியவில்லை என்று அதட்டிவிடாதீர்கள். நடுவிலுள்ள எட்டுச் சின்னங்களோடு, மூலைகளில் எண்ணுக்குக் கீழே இருக்கும் சிறிய சின்னம் இரண்டையும் சேர்த்து எண்ணியிருக்கிறது. மூலைகளை விரலால் மறைத்து மறுபடி எண்ணச் சொன்னால் எட்டு வரும். இரண்டும் ஒன்பதும் வந்தால் எண்ணாமலே சொல்லும் குழந்தை, ஏழும் எட்டும் வந்தால் தயங்கும். அது மந்தமல்ல. அடுத்தடுத்த எண்களை ஒப்பிடப் பெரியவர்களுக்கும் சற்று அதிக நேரம் பிடிக்கிறது என்று மோயர், லேண்டாவர் என்ற இரு ஆய்வாளர்கள் 1967இலேயே காட்டினார்கள்.

கவிழ்த்த சீட்டுகளில் ஜோடி தேடும் ஆட்டமும் எண்ணைப் பழக்கும், ஆனால் அதில் ஒரு குறை உண்டு. ஒரே படம் போட்ட ஜோடிகளானால் குழந்தை எண்ணைப் பார்க்காமலே படத்தை வைத்துச் சேர்த்துவிடும். '4' என்ற இலக்கம் மட்டும் எழுதிய அட்டைக்கு நான்கு புள்ளி அட்டையை ஜோடியாக்குங்கள். எண்ணாமல் தப்ப முடியாது.

பெரிய சீட்டில் வெற்றி முழுக்க அதிர்ஷ்டம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதனால்தான் நான்கு வயதுப் பிள்ளையும் பாட்டியை நேர்மையாகத் தோற்கடிக்க முடிகிறது; யாரும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. கட்டு ஒருமுறை தீர்ந்ததும் நிறுத்திவிட்டு, இருவரும் வென்ற சீட்டுகளை அருகருகே அடுக்கி யாருக்கு அதிகம் என்று பார்க்கச் சொல்லுங்கள்.

பெற்றோரே, காசு வைத்து ஆடுவதைத் தடை செய்யுங்கள். பரண்மேல் ஒளித்துவைத்த சீட்டுக்கட்டைக் குழந்தையிடம் கொடுங்கள்.