காந்தம் ஒட்டினால் விண்கல்லாமே!

கறுப்புக் கல்லொன்றில் காந்தம் ஒட்டியதும் "விண்கல், கோடி ரூபாய்" என்று வீடியோ போடுகிறார்கள். நாமும் யோசிக்காமல் ஷெயார் பண்ணுகிறோம். மெக்னடைட் என்ற சாதாரண இரும்புத் தாதும்தான் காந்தத்தில் ஒட்டும். பழைய இரும்பு உலைக் கழிவும் ஒட்டும். அப்போ காந்தம் எதை நிரூபித்தது? ஒட்டாத கல் பெரும்பாலும் விண்கல் இல்லை, அவ்வளவுதான்.

வீடு கட்டி மிஞ்சிய டைல் துண்டொன்றை எடுப்போம். பளபளப்பில்லாத பின்பக்கத்தில் கல்லை அழுத்தித் தேய்ப்போம். கறுப்புக் கோடு விழுந்தால் மெக்னடைட், செங்கபிலம் என்றால் ஹெமடைட். வீடியோக்காரர்களின் "கோடி ரூபாய்" அநேகமாக இங்கேயே முடிந்துவிடும். விண்கல் பொதுவாகக் கோடு போடாது, போட்டாலும் மங்கல் சாம்பல்தான். துருப்பிடித்த மேற்தோல் நம்மை ஏமாற்றும். உடைந்த முகத்தையே தேய்க்க வேண்டும்.

கோடு விழாத கல்லெல்லாம் விண்கல்லும் அல்ல. ஒரு மூலையை அரத்தால் ராவிப் பார்ப்போம். விண்கற்களில் பெரும்பாலானவற்றில் கல்லுக்குள்ளேயே வெள்ளி போன்ற உலோகப் பொட்டுகள் மின்னும். உலைக் கழிவிலும் இரும்புப் பொட்டு இருக்கலாம், ஆனால் அதில் குமிழ் ஓட்டைகள் நிறைந்திருக்கும். இத்தனையும் தாண்டிய கல்லை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோய் நிக்கல் இருக்கிறதா என்று கேட்போம். விலையை அதற்குப் பிறகு பேசலாம்.