ஷட்டர் தூக்கும் ஐந்து விநாடி

ஏ.ஐ. வீடியோவுக்குத் தொடக்கப் படத்தை மட்டும் கொடுத்தால், அது எங்கே போய் நிற்கும் என்பது நம் கையில் இல்லை. டீ ஆற்றுகிறவரின் படத்தைக் கொடுப்போம். ஐந்தாவது விநாடியில் அவர் கையில் மூன்றாவதாக ஒரு டம்ளர் முளைத்திருக்கும். முடிவுப் படத்தையும் சேர்த்துக் கொடுக்கும் வசதி இதற்காகத்தான் வந்தது. கிளிங், லூமா, ரன்வே, கூகுளின் வியோ எல்லாவற்றிலும் இது உண்டு. அலிபாபா 2025 ஏப்ரலில் இதற்கென்றே வெளியிட்ட வான் 2.1 மாடலை, நல்ல கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் சொந்தக் கம்ப்யூட்டரிலேயே ஓட்டலாம்.

வேலைப் பிரிவினை பழசுதான். கையால் வரைந்த கார்ட்டூன் காலத்தில், ஓர் அசைவின் முக்கியமான நிலைகளை மூத்த ஓவியர் வரைவார். நடுவில் வர வேண்டியவற்றை இளையவர்கள் வரைந்து நிரப்புவார்கள். அந்த இளையவர்களின் நாற்காலியில்தான் இப்போது மாடல் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் இது முதல் ஃபிரேமிலிருந்து வரிசையாக வரைந்துகொண்டு போவதில்லை. கிளிப்பின் எல்லா ஃபிரேம்களையும் வெறும் புள்ளி இரைச்சலாக வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் ஒருசேரத் தெளிய வைக்கிறது. இரண்டு முனைகளிலும் நம் படங்கள் இருப்பதால் முடிவின் இழுப்பு நடுப்பகுதி வரைக்கும் இருக்கும். வான் மாடலில் ஐந்து விநாடி என்பது 81 ஃபிரேம். நாம் கொடுப்பது இரண்டு. மீதி 79 அதன் ஊகம்.

அந்த ஊகம் எங்கே கெடுகிறது என்பதற்கு எனக்குத் தெரிந்த வீடியோ எடிட்டர் தம்பி ஒருவரின் வேலையைச் சொல்கிறேன். டீக்கடை ஒன்றின் விளம்பரத்துக்கு, விடிகாலையில் ஷட்டர் மேலே போய்க் கடை திறக்க வேண்டும். அவரிடம் இரண்டு போட்டோக்கள் இருந்தன. ஒன்று ஐந்தரை மணிக்கு எடுத்தது: நீலம் பூசிய வெளிச்சம், மூடிய ஷட்டர். இன்னொன்று ஒன்பது மணிக்கு எடுத்தது: மஞ்சள் வெயில், பாய்லர், பிஸ்கட் ஜாடிகள். இரண்டையும் ஏற்றி, ‘மூடிய கடை திறந்த கடையாக மாறுகிறது’ என்று எழுதினார். ஷட்டர் தூக்கப்படவே இல்லை. இருந்த இடத்திலேயே கரைந்து, அதன் வரிகளுக்குள்ளிருந்து ஜாடிகள் தெரிய ஆரம்பித்தன.

“அண்ணே, இது டிசால்வ். இதை நானே டைம்லைன்ல போட்டிருப்பேனே!” என்றார்.

அவர் சொன்னது சரி. கிளிப்பை நடுவில் நிறுத்தி ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பார்த்தால், இரண்டு போட்டோவும் பாதிப்பாதியாக ஒன்றின் மேல் ஒன்று தெரிந்தது. கேமரா அரை அடி நகர்ந்திருந்ததால் சுவர், படிக்கட்டு, மின்கம்பம் எல்லாமே இடம் மாறியிருந்தன; வெளிச்சமும் வேறு. படம் முழுக்க எல்லாமே மாறியிருக்கும்போது, இதில் ஷட்டர்தான் விஷயம் என்று மாடலுக்கு எப்படித் தெரியும்? எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்துவிடுவதுதான் அதற்குச் சுலபமான வழி. ‘மாறுகிறது’ என்ற சொல்லும் அதற்குத் துணை போனது. இதே கோளாறு இன்னொரு விதமாகவும் வரும்: நாலு விநாடி எதுவும் நடக்காது, கடைசி அரை விநாடியில் எல்லாம் பாய்ந்து போய் முடிவுப் படத்தில் ஒட்டிக்கொள்ளும்.

ஆக, இரண்டு படங்களுக்கும் நடுவிலுள்ள வித்தியாசம்தான் நாம் கொடுக்கும் உண்மையான கட்டளை. எது அசைய வேண்டுமோ அது மட்டும் மாறியிருக்க வேண்டும். அதற்கு இரண்டு போட்டோ எடுப்பதை விட, ஒரே போட்டோவிலிருந்து இரண்டையும் செய்வது மேல். அதிலும் திறந்த கடையை முதலில் வைத்துக்கொள்வதுதான் நல்லது. திறந்த கடையின் மேல் ஷட்டரை வரைந்து மூடுவது எந்தப் படத்திருத்தக் கருவிக்கும் எளிது. மூடிய ஷட்டரைக் கொடுத்து உள்ளே இருப்பதை வரையச் சொன்னால், அது ஊரில் இல்லாத ஒரு கடையைக் கற்பனை செய்யும். தம்பி இப்படித்தான் பின்னாலிருந்து முன்னால் வந்தார். விடிகாலையில் கடை திறந்ததும் ஒரு போட்டோ, அதுவே முடிவு. அதன் மேல் ஷட்டர் போர்த்தியது தொடக்கம். பிறகு இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே இருப்பதை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தார். ஷட்டரைத் தவிர வேறு எது துடித்தாலும் அதைச் சரி செய்ய வேண்டும். படங்களின் பிக்சல் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கருவி தானாக ஓரத்தை வெட்டி, நகராத சுவரை நகர்த்திவிடும்.

இத்தனைக்கும் பிறகு ஷட்டர் தானாக மேலே போனது, பேய் தூக்கியது போல. ஆள் ஒருவர் தூக்குகிறார் என்று எழுதியதும் சுவருக்குள்ளிருந்து ஒருவர் கிளம்பி வந்தார். இரண்டு படத்திலும் இல்லாத ஆள், ஐந்து விநாடிக்குள் வந்து, தூக்கி, திரும்பிப் போயும் ஆக வேண்டும். வேறு என்ன செய்வார் பாவம்? அதனால் ஆளை இரண்டு படத்திலும் வைத்தார்கள்: முதலில் முதுகு காட்டிக் குனிந்து கைப்பிடியைப் பிடித்திருக்கிறார், கடைசியில் நிமிர்ந்து, தலைக்கு மேல் ஷட்டர் விளிம்பில் கை. முகம் தெரியாததால் நடுவில் முகம் மாறும் தொல்லையும் இல்லை. எழுத்தில் இரண்டு முனைகளையும் திரும்ப விவரிக்காமல் வழியை மட்டும் சொன்னார்கள்: கேமரா அசையவில்லை, அவர் இரண்டு கையாலும் தூக்குகிறார், ஷட்டர் மேலே உள்ள பெட்டிக்குள் சுருண்டு போகிறது. இப்போது கீழிருந்து மேலே போவதைத் தவிர அதற்கு வேறு வழி இல்லை.

விளம்பரத்துக்கு எட்டு விநாடி தேவைப்பட்டது. ஒரே இழுப்பில் நீட்டாமல், ஷட்டர் பாதி தூக்கிய நிலையில் ஒரு படம் செய்து, இரண்டு கிளிப்பாகப் பிரித்து, மிஞ்சியதை வெட்டிக்கொண்டார்கள். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. முதல் கிளிப் போய் முடியும் ஃபிரேம், நாம் கொடுத்த பாதிப் படத்தை அச்சு அசலாகத் திருப்பித் தராது; நிறம் கொஞ்சம் மங்கியிருக்கும். எனவே இரண்டாவது கிளிப்பை நம் படத்தில் தொடங்காமல், முதல் கிளிப்பின் கடைசி ஃபிரேமை உருவி அதில் தொடங்க வேண்டும்.

```
ffmpeg -sseof -1 -i clip1.mp4 -update 1 last.png
```

இது கடைசி ஒரு விநாடியின் ஃபிரேம்களை ஒரே கோப்பில் ஒன்றன்மேல் ஒன்றாக எழுதும். மிஞ்சுவது கடைசி ஃபிரேம். ஒட்டும்போது அதே ஃபிரேம் இரு முறை வரும். ஒன்றை வெட்டிவிட வேண்டும். இப்படிச் சங்கிலியாக நீட்டிக்கொண்டே போனால் நிறமும் கூர்மையும் கண்ணி கண்ணியாகத் தேயும். அதனால் நான் இரண்டு மூன்று கண்ணியோடு நிறுத்திவிட்டு, புதிய ஷாட்டுக்குப் போய்விடச் சொல்வேன்.

ஒட்டுகிற இடத்தில் அசைவு ஒரு கணம் தயங்கும். முடிவுப் படம் அசைவற்ற படம் என்பதால், மாடல் அதை நெருங்கும்போது வேகத்தைக் குறைத்துவிடுகிறது. காரோ, ஓடுகிற ஆளோ என்றால் இது அசிங்கமாகத் தெரியும். ஷட்டரில் தெரியவில்லை. பழைய ஷட்டரைத் தூக்குகிறவர் பாதியில் பிடியை மாற்றி மறுபடி தள்ளுவது வழக்கம்தானே. உடம்பு இயல்பாக நிற்கும் இடத்தில் இணைப்பை வைப்பதுதான் தந்திரம்.

சரியாக வராதது ஒன்று மட்டும். ஷட்டரின் மேல் கடைப் பெயர் தமிழில் எழுதியிருந்தது. முதல் ஃபிரேமில் எழுத்து சுத்தமாக இருந்தது. சுருள ஆரம்பித்ததும் ‘ஸ்’ எதுவாகவோ மாறி, கொம்புகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. முனைகளில் இருக்கும் சரியான எழுத்து நடுவில் இருப்பதைக் காப்பாற்றாது. கடைக்காரரோ பெயர் தெரிந்தே ஆக வேண்டும் என்றார். கடைசியில் பெயரை ஷட்டருக்கு மேலே இருக்கும் பலகைக்கு மாற்றினார்கள். இரண்டு படத்திலும் பலகை ஒரே மாதிரி இருந்ததால் மாடல் அதைத் தொடவில்லை. பாய்லர் ஆவிக்கு மட்டும் தனி கிளிப். அதற்குத் தொடக்கப் படம் போதும். ஆவிக்கு முடிவுப் படம் கொடுத்தால், அந்த வடிவத்துக்குத் திரும்ப வேண்டுமே என்று ஆவி வளைந்து நெளிந்து கீழே இறங்குகிறது.