கிணறு கொடுப்பார்க்கு ஒரு சொல்

ஊருக்குக் குழாய்க்கிணறு அமைத்துக் கொடுத்தல் நம்மவர் விரும்பிச் செய்யும் தருமங்களுள் ஒன்று. ஆழத்து நீர் தூயது என்னும் எண்ணமே இதற்கு அடிப்படை. கிருமியைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் மெய்யே. ஆயின், கல்லிலிருந்து கரைந்து வரும் புளோரைட்டு என்னும் உப்பைப் பொறுத்தவரை அது பொய்த்துவிடுதல் உண்டு.

சப்பிரகமுவவே இதற்குச் சான்று. இரத்தினபுரி, கேகாலை மலைத் தோட்டங்களிலே பெருமழை பாறையை ஓயாது கழுவுகின்றது. நீர் தங்காது ஓடிவிடுகின்றது. ஆதலின் பீலித் தண்ணீரில் புளோரைட்டு மிகக் குறைவு. அதே இரத்தினபுரி மாவட்டத்தின் தெற்கே, வறண்ட எம்பிலிப்பிட்டி, உடவளவைப் பக்கத்தில் நிலை வேறு. அங்கே நீர் பாறை வெடிப்புகளில் நெடுங்காலம் தங்கி, அபிரகம் முதலிய கனிமங்களைக் கரைக்கின்றது. உடவளவைப் பகுதியில் பதினான்கு வயது மாணவர் 518 பேரை ஆராய்ந்து 2003இல் வெளியான கட்டுரை, நூற்றுக்கு 43 பேரிடம் பற்கறை கண்டதாகக் கூறுகின்றது. வாய்க்கால் நீரில் புளோரைட்டு மிகக் குறைவு, ஆழமற்ற கிணற்றில் சற்றுக் கூடுதல், குழாய்க்கிணற்றிலேயே மிகுதி.

ஏறத்தாழ எட்டு வயதுக்குள், பல்லின் மிளிரி உருவாகும் காலத்திலேயே இக்கறை விழுகின்றது. முதலில் வெண்கோடுகள், மிகுந்தால் கபில நிறம். பின்னர் எவ்வளவு துலக்கினும் அது போகாது. மிகுதியான அளவைப் பல்லாண்டு பருகினால் எலும்பும் மூட்டும் விறைக்கும். கொதிக்கவைத்தலும் பயன் தராது. நீர் ஆவியாகப் புளோரைட்டு செறிவடையும்.

மலிவான பரிகாரம் ஒன்று நம் நாட்டிலேயே உண்டு. தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையைச் சேர்ந்த பத்மசிறி 1990களில் பரப்பிய செங்கல் வடி அது. மிதமான சூட்டில் வெந்த செங்கல்லைச் சிறு துண்டுகளாக உடைத்து, உயரமான குழாயில் நிரப்புவர். நீரை அடியில் விட்டு, மெல்ல மேலெழச் செய்து பெறுவர். களிமண்ணிலுள்ள அலுமினிய, இரும்பு ஒட்சைட்டுகள் புளோரைட்டைப் பற்றிக்கொள்ளும். மிகுதியாகச் சுட்டுக் கண்ணாடிபோல் இறுகிய கல் இதற்கு உதவாது.

இதன் குறை யாதெனில், சில மாதங்களில் கல் நிறைந்துவிடும். அப்பால் நீர் வந்தபடியே வெளியேறும். நிறமோ சுவையோ மாறாமையால் வீட்டார் அறியார். கல் மாற்றாத வடி, வடியில்லாமைக்குச் சமம்.

ஆதலின் எமது கருத்து இது: துளையிட்டவுடன், கைப்பம்பி பூட்டுமுன், நீரைச் சோதித்தல் வேண்டும். இலங்கைத் தரநிர்ணயம் இலீற்றருக்கு 1 மில்லிகிராம். அதனை மிஞ்சினால் அக்கிணற்றைக் குளிக்கவும் துவைக்கவும் விட்டு, வாய்க்காலோரத்து ஆழமற்ற கிணற்று நீரைச் சோதித்துக் கொதிக்கவைத்துக் குடித்தல் நன்று. வேறு வழியில்லையேல், கிணற்றுடன் செங்கல் வடியையும், சில மாதங்களுக்கொருமுறை கல் மாற்றவும் நீர் சோதிக்கவும் வேண்டிய பணத்தையும் சேர்த்தே கொடுத்தல் முறையாம். பெயர்ப்பலகையில் கொடுத்தவர் பெயரோடு நீரின் புளோரைட்டு அளவும் பொறிக்கப்படுக.